பெரிய போத்தலா, சின்ன போத்தலா? மீன் எண்ணெய்க்கு நீங்கள் உண்மையில் கொடுக்கும் விலை

கேள்வி: "வணக்கம். எனக்கு 61 வயது, உட்லண்ட்ஸில் இருக்கிறேன். தினமும் ஒரு மீன் எண்ணெய் கேப்சூல் சாப்பிடுகிறேன். 400 கேப்சூல் உள்ள பெரிய போத்தல், தள்ளுபடியில் 39.90 வெள்ளி. மகள் அதைப் பார்த்து 'மலிவுச் சரக்கு' என்று சொல்லிவிட்டு, 60 கேப்சூல் உள்ள சின்ன போத்தல் ஒன்றை 36 வெள்ளிக்கு வாங்கி வந்திருக்கிறாள். மூன்று மடங்கு வீரியமாம். நண்பர் இணையத்தில் வாங்கித் தந்தது இன்னொன்று: 2000 மில்லிகிராம், 120 கேப்சூல், எல்லாம் சேர்த்து 28 வெள்ளி. மூன்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். எதை வாங்குவது லாபம்? பலதுறை மருந்தகத்தில் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 2.1 என்றார்கள், சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார்கள். ரத்த அழுத்த மாத்திரை மட்டும்தான் சாப்பிடுகிறேன். மனைவியின் கால்சியத்திலும் இதே குழப்பம். அவருக்கு வயிற்றுப் புளிப்புக்கு ஒமெப்ரசோல் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய இரண்டு போத்தல்களின் படமும் இருக்கிறது."

வணக்கம் ஐயா. மூன்றில் மலிவு உங்கள் பெரிய போத்தல்தான், அதுவும் சிறிய வித்தியாசத்தில் அல்ல. ஆனால் அது பெரிய போத்தல் என்பதால் மலிவு என்று எண்ணிவிடாதீர்கள். அடுத்த முறை இன்னொரு பெரிய போத்தல் உங்களை ஏமாற்றலாம். கணக்கைத் தெரிந்துகொண்டால் எந்தக் கடையின் அலமாரி முன்னாலும் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு நிமிடத்தில் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் உங்கள் பெரிய போத்தலின் படத்தைப் பாருங்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "1000 மில்லிகிராம்" என்று இருக்கிறதே, அது கேப்சூலுக்குள் இருக்கும் எண்ணெயின் எடை. எண்ணெய் முழுவதும் ஒமேகா-3 ஆகிவிடாது. மீன் எண்ணெயில் நமக்கு வேண்டியது இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள்தான்: இபிஏ, டிஎச்ஏ. மற்றதெல்லாம் வேறு கொழுப்பு. கெடுதல் இல்லை, ஆனால் அதற்காக நீங்கள் பணம் கொடுக்கவில்லை. போத்தலைத் திருப்பினால் பொடி எழுத்தில் இபிஏ 180, டிஎச்ஏ 120 என்று இருக்கிறது. கூட்டினால் 300. இபிஏ, டிஎச்ஏ அளவைக் கூட்டிச் செறிவூட்டாமல் சந்தையில் விற்கும் சாதாரண மீன் எண்ணெய்க்கு இதுதான் வழக்கமான விகிதம். 1000 மில்லிகிராம் கேப்சூலில் வேலை செய்யும் சரக்கு 300 மில்லிகிராம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பின்பக்க எண்கள் எத்தனை கேப்சூலுக்கு உரியவை என்று பார்க்க வேண்டும். லேபிளில் ஊட்டச்சத்துப் பட்டியலுக்கு மேலே "ஒரு வேளை அளவு" என்ற வரி இருக்கும். உங்கள் பெரிய போத்தலில் அது ஒரு கேப்சூல். மகள் வாங்கியதில் இரண்டு கேப்சூல். நண்பர் தந்ததிலும் இரண்டு. கடையில் அவசரமாகப் பார்க்கிறவர்கள் இந்த வரியைத்தான் தவறவிடுகிறார்கள், விற்கிறவர்களுக்கும் அது தெரியும்.

இனி கணக்கு. போத்தலின் விலையை, போத்தலில் உள்ள மொத்த இபிஏ, டிஎச்ஏ அளவால் வகுக்க வேண்டும்:

```
1000 மி.கி. விலை = போத்தல் விலை × 1000 ÷ (வேளைகள் × ஒரு வேளையின் இபிஏ+டிஎச்ஏ)
```

உங்கள் பெரிய போத்தலில் 400 வேளை, ஒவ்வொன்றிலும் 300 மில்லிகிராம், மொத்தம் 1,20,000 மில்லிகிராம், அதாவது 120 கிராம். 39.90 வெள்ளியை 120ஆல் வகுத்தால் 1000 மில்லிகிராமுக்கு 33 காசு.

மகளின் போத்தலில் முன்பக்கம் "1280 மில்லிகிராம் ஒமேகா-3" என்கிறது. பின்பக்கம் இரண்டு கேப்சூலுக்கு இபிஏ 650, டிஎச்ஏ 450, மீதி 180 மற்ற ஒமேகா-3. அந்தக் கடைசி 180ஐ விட்டுவிடுங்கள். ஆய்வுகளில் அளந்து பார்த்ததும் பரிந்துரைகளில் சொல்வதும் இபிஏ, டிஎச்ஏ இரண்டைத்தான். ஆக ஒரு வேளைக்கு 1100, போத்தலில் 30 வேளை, மொத்தம் 33 கிராம். 36 வெள்ளியை 33ஆல் வகுத்தால் 1 வெள்ளி 9 காசு. உங்களுடையதைவிட மூன்று மடங்குக்கும் மேல் விலை.

"மூன்று மடங்கு வீரியம்" என்ற வாசகம் எங்கிருந்து வந்தது? ஒரு கேப்சூலுக்கு ஒரு கேப்சூல் வைத்துப் பார்த்தால் அதில் 550, உங்களுடையதில் 300. இரண்டு மடங்குகூட இல்லை. அவர்களின் இரண்டு கேப்சூலை உங்களின் ஒரு கேப்சூலோடு ஒப்பிட்டால்தான் மூன்று மடங்கைத் தாண்டும். முன்பக்க வாசகத்தில் எண் இருந்தால், அது எத்தனை கேப்சூலுக்கு, எந்த எண்ணெயோடு ஒப்பிட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் போத்தலில் இருக்காது.

நண்பர் தந்ததுதான் எனக்குப் பிடிக்காதது. "2000 மில்லிகிராம்" என்ற எண்ணைப் பார்த்து உங்களுடையதைவிட இரண்டு மடங்கு என்று யாரும் நினைப்பார்கள். பின்பக்கத்தில் ஒரு வேளைக்கு இரண்டு கேப்சூல், இபிஏ 360, டிஎச்ஏ 240. இரண்டால் வகுங்கள்: 180, 120. இபிஏ, டிஎச்ஏ அளவில் உங்கள் பெரிய போத்தலில் உள்ள அதே சரக்கு. 60 வேளை, மொத்தம் 36 கிராம், 28 வெள்ளிக்கு 1000 மில்லிகிராம் 78 காசு. இணையத்தில் வாங்கும்போது அனுப்பும் செலவும் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேர்ந்த பிறகு கடைசியாக வரும் தொகையைத்தான் கணக்கில் போட வேண்டும். உங்கள் நண்பர் சேர்த்துச் சொல்லியிருக்கிறார், நல்லது.

இன்னொரு வகைப் போத்தலும் கடைகளில் இருக்கிறது. பின்பக்கத்திலும் இபிஏ, டிஎச்ஏ என்று பிரித்துப் போடாமல் "மீன் எண்ணெய் 1000 மில்லிகிராம்" என்பதோடு நிறுத்திவிடும். அதற்குக் கணக்குப் போட வழியில்லை. அதைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள்.

தள்ளுபடி விஷயத்தில் மகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லலாம். "இரண்டாவது போத்தல் பாதி விலை" என்று போட்டிருந்தால் 36உம் 18உம் சேர்த்து 54 வெள்ளி, 66 கிராம். 1000 மில்லிகிராமுக்கு 82 காசாக இறங்கும். அப்போதும் மூன்றில் அதுதான் விலை கூடியது.

இங்கே மகள் ஒன்று கேட்கலாம்: "விலை கூடியது உடம்பில் நன்றாகச் சேருமே?" நியாயமான கேள்வி. செறிவூட்டிய எண்ணெய்கள் இரண்டு வடிவில் வருகின்றன. ஒன்று எத்தில் எஸ்டர், மற்றொன்று அதை மறுபடி டிரைகிளிசரைடு வடிவுக்கு மாற்றியது. எத்தில் எஸ்டரைச் சாப்பாட்டில் கொழுப்பு இல்லாமல் விழுங்கினால் குறைவாகத்தான் சேரும், இது உண்மை. விளம்பரத்தில் வரும் "70 விழுக்காடு கூடுதலாகச் சேரும்" என்பது அந்த எத்தில் எஸ்டரோடு ஒப்பிட்டது. உங்கள் பெரிய போத்தலில் இருப்பது செறிவூட்டாத சாதாரண எண்ணெய், அது மீனில் உள்ளபடியே டிரைகிளிசரைடு வடிவில்தான் இருக்கும். ஆகவே அந்த 70 விழுக்காடு உங்களுக்கு எதிராக எண்ணப்படக் கூடாது. போகட்டும், முழுதாகவே விட்டுக்கொடுத்துப் பார்ப்போம். 1 வெள்ளி 9 காசை 1.7ஆல் வகுத்தால் 64 காசு. 33ஐ அது நெருங்கவில்லை. எந்த வகையானாலும் காலைக் காப்பியோடு வெறும் வயிற்றில் விழுங்காமல் மதியச் சாப்பாட்டுக்கு நடுவில் விழுங்கினால் இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி போய்விடும். குழம்பில் மிதக்கும் எண்ணெய் போதும்.

விலைக் கணக்கு இத்தோடு சரி. ஆனால் மலிவாக வாங்கியதைப் பயன் தராத அளவில் சாப்பிட்டால் அந்த 33 காசும் வீண். ஆகவே உங்களுக்கு எவ்வளவு வேண்டும், எதற்காக வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

பொதுவான ஆரோக்கியத்துக்கு என்றால் பெரியவர்களுக்கு நாளுக்கு 250 முதல் 500 மில்லிகிராம் இபிஏ, டிஎச்ஏ என்பது உலகில் பல அமைப்புகள் சொல்லும் அளவு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 250 என்கிறது. உங்கள் ஒரு கேப்சூல் 300 என்பதால் கீழ்க்கோட்டைத் தொட்டுவிடுகிறது. 500ஐ எட்ட வேண்டுமென்றால் உங்கள் போத்தலில் இரண்டு கேப்சூல், நாளுக்கு 20 காசு, மாதம் 6 வெள்ளி. மகளின் போத்தலில் ஒரு கேப்சூல், நாளுக்கு 60 காசு, மாதம் 18 வெள்ளி. நண்பரின் போத்தலில் இரண்டு, நாளுக்கு 47 காசு, மாதம் 14 வெள்ளி. மகளின் போத்தலுக்கு ஒரே ஒரு நியாயம் உண்டு: இரண்டு பெரிய கேப்சூலை விழுங்கச் சிரமப்படுகிறவர், இரண்டாவதைத் தினமும் மறக்கிறவர், ஒன்றோடு முடித்துக்கொள்ளலாம். அந்த வசதிக்கு மாதம் 12 வெள்ளி கொடுக்கலாமா என்பது உங்கள் வீட்டு முடிவு.

ரத்தத்தில் உள்ள டிரைகிளிசரைடைக் குறைக்க என்றால் கதை வேறு. அதை இறக்கும் அளவு நாளுக்கு ஏறக்குறைய 4 கிராம் இபிஏ, டிஎச்ஏ. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஒமேகா-3 மருந்தை அந்த அளவில் எடுத்தால் 20 முதல் 30 விழுக்காடு வரை இறங்கும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2019இல் தொகுத்துச் சொன்னது. உங்கள் போத்தலில் அந்த அளவை எட்ட 13, 14 கேப்சூல் விழுங்க வேண்டும். மகளின் போத்தலில் ஏழுக்கு மேல், நாளுக்கு நான்கு வெள்ளிக்கு மேல். இரண்டையும் செய்யாதீர்கள். அந்த அளவில் சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஆபத்து கூடுகிறது, ஆகவே மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தொடக்கூடாது. உங்களுக்கு 2.1 என்பது 1.7 என்ற வரம்பைக் கொஞ்சம் தாண்டியது. மருத்துவர் சாப்பாட்டைச் சொன்னது சரி: சோற்றின் அளவு, இனிப்புத் தே தாரிக், பாக்கெட் மைலோ, வாரக்கடைசி பீர், இவற்றைக் குறைத்தாலே அந்த எண் அசையும். நாளுக்கு ஒரு மீன் எண்ணெய் கேப்சூல் அதை அசைக்காது, எந்தப் போத்தலிலிருந்து வந்தாலும் சரி.

மாரடைப்பைத் தடுக்கும் என்று நினைத்துச் சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வில் நாளுக்கு 840 மில்லிகிராம் இபிஏ, டிஎச்ஏ கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தபோது மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. நோய் இல்லாத ஒருவருக்கு இது நிச்சயமான காப்பு என்று போத்தல் சொன்னால் நம்ப வேண்டாம்.

மீன் சாப்பிடுகிறவர் என்றால் கணக்கில் மீனையும் சேருங்கள். டின்னில் வரும் சார்டினில் சாறு வடித்த 100 கிராமில் ஏறக்குறைய 1 கிராம் இபிஏ, டிஎச்ஏ இருக்கிறது, உங்கள் போத்தலில் மூன்று கேப்சூலுக்கு மேல். கானாங்கெளுத்தியும் எண்ணெய் உள்ள மீன்தான். ஈரச்சந்தையில் வாங்கி வாரம் இரண்டு நாள் இவற்றைக் குழம்பு வைத்துச் சாப்பிடுகிற வீட்டில் கேப்சூல் பெரும்பாலும் தேவைப்படாது. டின் சார்டினில் உப்பு கூடுதல், உங்களுக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் சாற்றை வடித்துவிட்டுச் சமையுங்கள், அடுப்பில் தனியாக உப்புப் போட வேண்டாம்.

இப்போது பெரிய போத்தலின் உண்மையான பலவீனத்துக்கு வருகிறேன், அது விலை இல்லை. நீங்கள் நாளுக்கு ஒன்று சாப்பிட்டால் 400 கேப்சூல் தீர 13 மாதம் ஆகும். மீன் எண்ணெய் காற்று, வெப்பம், வெளிச்சம் மூன்றாலும் கெடுகிற சரக்கு. போத்தலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நம் ஊரின் ஈரக்காற்று உள்ளே போகிறது. கேஸ் அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியிலோ ஜன்னலோரத்திலோ வைத்தால் ஆறு மாதத்திலேயே சந்தேகப்பட வேண்டியிருக்கும். மூடியில் அச்சிட்ட காலாவதித் தேதி மூடி திறக்காத போத்தலுக்கு, சொல்லப்பட்ட வெப்பநிலையில் வைத்தால் பொருந்தும் தேதி.

கெட்டுவிட்டதா என்று பார்க்க ஒரு கேப்சூலைக் கத்தரிக்கோலால் நறுக்கி எண்ணெயை ஒரு கரண்டியில் பிழிந்து முகருங்கள். நல்ல எண்ணெய் லேசாகக் கடல் வாசம் வீசும், நாக்கில் வைத்தால் கசக்காது. கெட்டது பெயின்ட் போல, பழைய பொரித்த எண்ணெய் போல நாறும், தொண்டையைச் சுரண்டும். எலுமிச்சை வாசனை சேர்த்த கேப்சூலில் இந்தச் சோதனை ஏமாற்றும், அங்கே கசப்பை வைத்துத்தான் சொல்ல முடியும். புதுப் போத்தல் வாங்கிய அன்றே ஒன்றை நறுக்கிப் பார்ப்பது நல்லது. அந்த முதல் வாசனை தெரிந்திருந்தால் பிறகு வரும் மாற்றம் மூக்குக்குப் புரியும்.

வீணாகும் பயத்தையும் கணக்காகவே பார்க்கலாம். பெரிய போத்தலில் எத்தனை கேப்சூலைச் சாப்பிட்டால் மற்றவற்றோடு சமமாகும்? நண்பரின் 78 காசோடு சமமாக 171 கேப்சூல், மகளின் 1 வெள்ளி 9 காசோடு சமமாக 122 கேப்சூல். மீதியை எல்லாம் தூக்கிப் போட்டாலும் நட்டமில்லை. இது வேடிக்கையான கணக்குதான், ஆனால் எவ்வளவு வித்தியாசம் என்பதைக் காட்டுகிறது. தூக்கிப் போடாமல் இருக்க வழி இருக்கிறது: நீங்களும் மகளும் அதே போத்தலில் ஆளுக்கு இரண்டு எடுத்தால் நாளுக்கு நான்கு, 100 நாளில் தீர்ந்துவிடும். மூடியை இறுக மூடி, படுக்கையறையின் குளிர்ந்த இருட்டு மூலையில் வையுங்கள். குளிர்பதனப் பெட்டியிலும் வைக்கலாம், ஆனால் தினமும் வெளியே எடுத்து மேசையில் விட்டுவிட்டுப் போனால் நீர் கோர்த்து கேப்சூல்கள் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை வாங்கும்போது மூன்று மாதத்தில் தீரும் அளவைப் பார்த்து வாங்குங்கள். 1000 மில்லிகிராமுக்கு 40, 45 காசு ஆனாலும் பரவாயில்லை.

இந்தக் கணக்கு காட்டாதது ஒன்று உண்டு: லேபிளில் எழுதியது உள்ளே இருக்கிறதா என்பது. சிங்கப்பூரில் சத்து மாத்திரைகளை விற்பதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை, சரக்கு பாதுகாப்பாகவும் லேபிள்படியும் இருப்பது விற்கிறவரின் பொறுப்பு. ஆகவே நம்பிக்கையான கடையில், முகவரியும் தொகுப்பு எண்ணும் உள்ள போத்தலாகப் பாருங்கள். வெளி ஆய்வகம் சோதித்த முத்திரை இருந்தால் அதற்காக சில காசு கூடக் கொடுக்கலாம். விலை 33 காசிலிருந்து 10 காசுக்கு இறங்கி வந்தால் அதை லாபம் என்று எடுக்காமல் சந்தேகம் என்று எடுங்கள்.

எண்ணெய் என்றாலே எல்லாம் ஒன்று என்று நினைத்து மீன் ஈரல் எண்ணெயை இதற்குப் பதிலாக எடுக்காதீர்கள். அதில் வைட்டமின் ஏ இருக்கும். ஒமேகா-3 அளவை எட்டுவதற்காகக் கேப்சூலைக் கூட்டினால் வைட்டமின் ஏயும் கூடவே ஏறும், அது உடம்பில் தங்கிச் சேரும் வைட்டமின். வீட்டில் வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து சாப்பிடுகிறவர் இருந்தால் இந்தப் போத்தலைப் பகிர்ந்துகொள்வதற்கு முன் மருந்தாளரிடம் கேளுங்கள். உங்கள் ரத்த அழுத்த மாத்திரைக்கு ஒன்றிரண்டு கேப்சூலால் தொந்தரவு இல்லை.

இனி மனைவியின் கால்சியம். இங்கே முன்பக்க எண் வேறு விதமாகப் பொய் சொல்கிறது. கால்சியம் எப்போதும் இன்னொன்றோடு சேர்ந்த உப்பாகத்தான் மாத்திரையில் வரும், முன்பக்கத்தில் சில சமயம் அந்த உப்பின் எடையைப் போடுவார்கள். அவருடைய முதல் போத்தல் கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம், 60 மாத்திரை, 12 வெள்ளி. கார்பனேட்டில் 40 விழுக்காடுதான் கால்சியம், ஆக ஒரு மாத்திரையில் 500, போத்தலில் 30 கிராம், 1000 மில்லிகிராமுக்கு 40 காசு. இரண்டாவது கால்சியம் சிட்ரேட் 1000 மில்லிகிராம், 120 மாத்திரை, 24 வெள்ளி. சிட்ரேட்டில் 21 விழுக்காடுதான், ஒரு மாத்திரையில் 210, போத்தலில் 25.2 கிராம், 95 காசு. எண்களை மட்டும் பார்த்தால் கார்பனேட் ஜெயிக்கிறது.

அவருக்கு மட்டும் அந்த வெற்றி செல்லாது. கார்பனேட் கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். ஒமெப்ரசோல் அந்த அமிலத்தைத்தான் அடக்குகிறது. மலிவாக வாங்கிய கால்சியத்தில் நல்ல பகுதி சேராமலே போகும். சிட்ரேட்டுக்கு அமிலம் தேவையில்லை, சாப்பாட்டோடும் எடுக்கலாம், இடையிலும் எடுக்கலாம். அவருக்கு 95 காசு நியாயமான விலை. ஒமெப்ரசோல் குறுகிய காலத்துக்கு மட்டும் கொடுத்தது, இரண்டு வாரத்தில் நின்றுவிடும் என்றால் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு தொடரலாம். எதை எடுத்தாலும் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் கொடுத்தால் சேரும் விகிதம் குறைந்துவிடும். சிட்ரேட்டில் அது ஒரு வேளைக்கு இரண்டு மாத்திரை, 420. அவர் தினமும் பாலும் தவ்வும் கீரையும் எவ்வளவு சாப்பிடுகிறார் என்று ஒரு வாரம் குறித்துவைத்து, அடுத்த முறை பலதுறை மருந்தகம் போகும்போது இரண்டு போத்தல்களையும் அந்தக் குறிப்பையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். எத்தனை மாத்திரை என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.